எட்டு ஐம்பத்தொன்றுக்கு முன்னாலா, பின்னாலா

என் அக்கா மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஜாதகக் குறிப்பு. மஞ்சள் தடவிய நோட்டுத்தாள். அதில் மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், கையெழுத்தில் "இரவு மணி 9.00, கிருத்திகை 1ஆம் பாதம், மேஷ ராசி, மீன லக்னம்" என்று இருந்தது. பையன் உத்திரம் 1ஆம் பாதம், சிம்ம ராசி. நல்ல வேலை, நல்ல குடும்பம். ஆனால் முதல் பார்வையிலேயே ஜோதிடர் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார். இருவர் நட்சத்திரமும் ஒரே கயிற்றில் விழுவதால் ரஜ்ஜு தட்டுகிறது, மீதி எதுவும் பார்க்க வேண்டாம் என்றார்.

ஜாதகம் கணிப்பது எனக்குத் தொழில் இல்லை. கணக்கில் ஆசை உண்டு. இருபது வருடமாகச் சொந்தக்காரர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் கட்டம் போட்டுக் கொடுத்து வருகிறேன், பலன் சொல்வதில்லை. அதில் கண்ட ஒரு பழக்கம் உண்டு: யாராவது 9.00, 6.30, 12.00 என்று உருண்டையான நேரம் சொன்னால் நான் உடனே, "அந்த நேரத்தை யார் பார்த்தது?" என்று கேட்பேன். குழந்தைகள் அரை மணிக்கு அரை மணி பிறப்பதில்லை. நாம்தான் அப்படி எழுதிவைக்கிறோம்.

அக்காவிடம் கேட்டேன். "உன் மாமாதான்டா எழுதினார். நான் எங்கே மணி பார்த்தேன்?" என்றாள். மாமாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். ஊர் திருத்தணிப் பக்கம், சின்ன நர்சிங் ஹோம், ஆடிப் பரணி இரவு. மறுநாள் ஆடிக் கிருத்திகை என்பதால் தெருவெல்லாம் காவடிக் கூட்டம். பிரசவ அறையில் நேரமாகும் என்று சொன்னதால் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனாராம். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். சுவரில் மணி ஒன்பது. அவர் எழுதியது குழந்தை பிறந்த நேரத்தை இல்லை, தான் குழந்தையைப் பார்த்த நேரத்தை.

அதற்கு மேல், ஆடிக் கிருத்திகைக்குப் பிறந்தவள் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி, அதுவே நட்சத்திரமாகவும் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும். பிறந்த நேரம் தப்பினால் ஜாதகமே தப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஜாதகத்தில் எல்லாம் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சராசரியாக 24 மணி 17 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. கிழக்கு அடிவானத்தில் உதிக்கும் புள்ளியான லக்னம் ஒரு ராசியைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச லக்னம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். ஆகவே உங்கள் நேரத்தில் முன்னே பின்னே அரை மணி, அதாவது மொத்தம் ஒரு மணி நேரம், சந்தேகம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மணிக்குள் நட்சத்திரம் மாறியிருக்க இருபத்துநாலில் ஒரு வாய்ப்புத்தான். லக்னம் மாறியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நவாம்ச லக்னமோ அந்த ஒரு மணிக்குள் நாலைந்து தடவை நிச்சயமாக மாறியிருக்கும்.

தமிழ்நாட்டில் பார்க்கும் பத்துப் பொருத்தமும் சந்திரனை வைத்துத்தான். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. இதில் எதற்கும் லக்னம் தேவையில்லை. அதனால் நேரம் சரியாகத் தெரியாதவர்களுக்கும் பெரும்பாலும் பத்துப் பொருத்தம் அசையாது. காலையில் பிறந்தான் என்று மட்டும் தெரிந்தால்கூடப் பல நாட்களில் நட்சத்திரத்தை உறுதியாகச் சொல்லிவிடலாம். பழையவர்கள் நேரத்தைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாழிகைக் கணக்கில் எழுதினவர்களுக்கு ஒரு நாழிகை என்பதே 24 நிமிடம்.

ஆனால் அந்த இருபத்துநாலில் ஒன்று வந்து மாட்டினால் முழுசாக மாட்டும். அக்கா மகளுக்கு அப்படித்தான் ஆனது. அன்று திருக்கணிதப் பஞ்சாங்கப்படி பரணி முடிந்து கிருத்திகை தொடங்கியது இரவு 8.51. கும்ப லக்னம் முடிந்து மீன லக்னம் தொடங்கியது 8.32. மாமா எழுதிய 9.00 இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது. உண்மை நேரம் அதற்கு முன்னால் என்பது மட்டும் உறுதி. எவ்வளவு முன்னால் என்பதுதான் கேள்வி.

பெரியம்மா, தொலைக்காட்சியில் எட்டு மணிச் செய்தி முடிந்து கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுத சத்தம் கேட்டது என்றார். அதை வைத்து இடைவெளியை 8.15 முதல் 9.00 வரை என்று போட்டுக்கொண்டேன். அந்த முக்கால் மணிக்குள் மூன்று ஜாதகம் இருக்கிறது. 8.32க்கு முன் என்றால் கும்ப லக்னம், பரணி. 8.32 முதல் 8.51 வரை மீன லக்னம், பரணி. அதற்குப் பின் மீன லக்னம், கிருத்திகை.

இப்போது பையனின் உத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். கிருத்திகையும் உத்திரமும் உதர ரஜ்ஜு, ஒரே கயிறு, அதனால்தான் ஜோதிடர் தாளை மடித்தார். பரணி தொடை ரஜ்ஜு, உத்திரத்தோடு தட்டாது. கிருத்திகை ராட்சச கணம், பரணி மனுஷ கணம். பையன் மனுஷ கணம். பெண் ராட்சச கணமாகவும் பையன் மனுஷ கணமாகவும் இருந்தால் கூடாது என்பது வழக்கம், ஆக அதுவும் புரள்கிறது. தினப் பொருத்தத்துக்குப் பெண் நட்சத்திரத்திலிருந்து எண்ணினால் பரணிக்கு உத்திரம் பதினொன்றாவது, பொருந்தும். கிருத்திகைக்குப் பத்தாவது, பொருந்தாது. மகேந்திரம் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்கிறது: பத்தாவது என்றால் உண்டு, பதினொன்று என்றால் இல்லை.

இரண்டு நட்சத்திரத்திலும் ராசி மேஷம்தான். அதனால் ராசி, ராசி அதிபதி, வசியம் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மேஷத்துக்குச் சிம்மம் வசியம், செவ்வாயும் சூரியனும் நட்பு. இவை நேரத்தால் அசையாது என்று அன்றைக்கு அக்காவிடம் தைரியமாகச் சொன்னேன். அந்தத் தைரியம் எங்கே போய் முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பத்துப் பொருத்தத்துக்கு வெளியே லக்னத்தை வைத்துப் பார்ப்பவையும் இருக்கின்றன, அவைதான் நேரத்துக்கு அதிகம் நடுங்குபவை. முக்கியமானது செவ்வாய் தோஷம். 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பார்கள். லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் எண்ணுவார்கள். இவளுக்குச் செவ்வாய் மிதுனத்தில். மேஷச் சந்திரனிலிருந்து மூன்றாமிடம், தோஷமில்லை. சிம்மத்துச் சுக்கிரனிலிருந்து பதினொன்று, தோஷமில்லை. கும்ப லக்னத்திலிருந்து ஐந்து, தோஷமில்லை. மீன லக்னத்திலிருந்து நாலு. தோஷம். 8.31க்குப் பிறந்திருந்தால் சுத்த ஜாதகம், 8.33க்குப் பிறந்திருந்தால் செவ்வாய் தோஷ ஜாதகம். எத்தனை வீடுகளில் இந்த இரண்டு நிமிடத்துக்காகப் பெண்ணைத் தட்டிக் கழித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

தசை, அதாவது கிரகங்கள் முறைவைத்து வாழ்க்கையை ஆளும் காலம், வேறு மாதிரி. இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். பரணிக்கு உரியது சுக்கிர தசை, 20 வருடம். சந்திரன் நட்சத்திரத்தில் எவ்வளவு மீதி இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் தசை இருப்பு. 20 வருடத்தை 24 மணி 17 நிமிடத்துக்குப் பங்கிட்டால், பிறந்த நேரத்தில் ஒரு நிமிடம் என்பது சுக்கிர தசையில் ஐந்து நாள். கிருத்திகைக்கு உரிய சூரிய தசை 6 வருடம்தான், அங்கே ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை நாள். இவள் 8.40க்குப் பிறந்திருந்தால் பரணி முடிய 11 நிமிடம் இருந்தது. அதாவது சுக்கிர தசை இருப்பு வெறும் 55 நாள், அதற்குப் பின் சூரிய தசை. 9.00க்கு என்றால் சூரிய தசையில் இரண்டு வாரம் போக மீதி. இரண்டு ஜாதகத்துக்கும் தசை மாறும் தேதிகளில் மொத்த வித்தியாசம் சுமார் 69 நாள். அவ்வளவுதான்.

பொருத்த அட்டவணையில் நட்சத்திரம் மாறினால் படிக்கட்டிலிருந்து விழுவது போல எல்லாம் தலைகீழாகிறது. தசையில் அதே மாற்றம் சரிவில் இறங்குவது போல மெல்ல நடக்கிறது. சந்திரன் நகர்ந்ததோ சில கலைதான், கால் பாகைகூட இல்லை. ஒரே நகர்வை ஒரு கணக்கு பள்ளமாகவும் இன்னொரு கணக்கு சரிவாகவும் படிக்கிறது. நட்சத்திரச் சந்தியில் பிறந்தவர்களுக்குப் பத்துப் பொருத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

சரி, அப்புறம் என்ன செய்தோம்? ஜோதிடரே வழி சொன்னார்: நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஜனன கால நிர்ணயம், நேரத் திருத்தம் என்று பல பெயர். வாழ்க்கையில் நடந்தவற்றைக் கேட்டு, அவை எந்த நேரத்துக்குப் போட்ட ஜாதகத்தோடு ஒத்துப்போகின்றன என்று பின்னோக்கிப் பார்ப்பது. மாமாவும் அக்காவும் போய் உட்கார்ந்தார்கள், நானும் கூடப் போனேன். அவர் கேட்டது: தம்பி எப்போது பிறந்தான், பெண்ணுக்கு அடி ஏதாவது பட்டதா, படிப்பில் தடங்கல் உண்டா, வேலைக்குச் சேர்ந்த தேதி என்ன, வீடு எப்போது மாறினீர்கள். ஐந்து சம்பவம் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி, 8 மணி 37 நிமிடம் 20 வினாடி என்று சொன்னார். வினாடி வரை. மாமாவுக்கு அதில்தான் பெரிய நம்பிக்கை வந்தது. எனக்கு அதில்தான் போனது.

என்ன முறை என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார், அதற்கு நன்றி. முதலில் குண்டா முறை. லக்ன ஸ்புடத்தை, அதாவது மேஷத்தின் தொடக்கத்திலிருந்து லக்னம் நிற்கும் பாகையை, 81ஆல் பெருக்கி, 360இன் மடங்குகளைக் கழித்துவிட்டு மீதி எந்த நட்சத்திரத்தில் விழுகிறது என்று பார்ப்பது. அது ஜன்ம நட்சத்திரத்திலோ அதற்குப் பத்தாவது, பத்தொன்பதாவது நட்சத்திரத்திலோ விழுந்தால் நேரம் சரி. விழாவிட்டால் விழும்வரை நேரத்தைக் கொஞ்சம் முன்பின் நகர்த்த வேண்டும்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். 27 நட்சத்திரத்தில் மூன்று சரியென்றால் எந்த நேரத்தைக் கொடுத்தாலும் ஒன்பதில் ஒன்று தானாகவே தேறிவிடும். அந்த மூன்றும் 120 பாகை இடைவெளியில் இருக்கின்றன. 120ஐ 81ஆல் வகுத்தால் லக்னத்தில் சுமார் ஒன்றரைப் பாகை. லக்னம் ஒரு பாகை நகரச் சராசரி 4 நிமிடம். ஆகவே ஏறக்குறைய 6 நிமிடத்துக்கு ஒருமுறை, 40 வினாடி அகலத்துக்கு, ஒரு சரியான நேரம் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் எந்த நேரத்தைச் சொன்னாலும் அதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் குண்டா ஒரு விடையைத் தந்துவிடும். எங்கள் முக்கால் மணி இடைவெளிக்குள் குறைந்தது ஏழெட்டு விடைகள் இருக்கின்றன. அது போதாதென்று, 8.51க்குப் பிறகு ஜன்ம நட்சத்திரமே மாறுவதால் இலக்கும் மாறிவிடுகிறது. நேரம் ஏற்கனவே இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தெரிந்தவருக்கு வேண்டுமானால் இது வினாடியைத் தீட்ட உதவலாம். முக்கால் மணி தெரியாதவருக்கு இது எதையும் தேர்ந்தெடுக்காது, ஏழெட்டையும் சேர்த்துச் சரியென்றே சொல்லும்.

இரண்டாவது, சம்பவங்களை தசையோடும் அதன் உட்பிரிவான புத்தியோடும் பொருத்துவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் விஷயத்தில் 8.40க்கும் 9.00க்கும் தசைத் தேதிகள் 69 நாள்தானே வித்தியாசம்? ஒரு புத்தி சராசரியாக ஒன்றரை வருடம் நீடிக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு சம்பவம் இரண்டு ஜாதகத்திலும் வெவ்வேறு புத்தியில் விழச் சுமார் எட்டில் ஒரு வாய்ப்புத்தான். ஐந்து சம்பவம் கொடுத்தால் அதில் நாலைந்து இரண்டு நேரத்துக்கும் ஒரே தசை, ஒரே புத்தியில் விழும். அவை எதையும் தீர்மானிக்காது. கால் எலும்பு முறிந்தது ஒன்றுதான் புத்தி மாறும் எல்லைக்குப் பக்கத்தில் வந்தது. அதற்கும் அக்காவுக்குத் தேதி நினைவில்லை. "மழைக்காலம், பள்ளிக்கூடம் இருந்தது" என்றாள். தசையை வைத்துத் திருத்த வேண்டுமென்றால் புத்தி எல்லைக்குப் பக்கத்தில் நடந்த, நாள் தெரிந்த சம்பவங்கள் வேண்டும். அப்படி எதுவும் எங்களிடம் இல்லை.

மிஞ்சியது லக்னம். கும்பமா, மீனமா? ஆள் எப்படி இருப்பாள், முகம் எப்படி, குணம் எப்படி என்று கேட்டு முடிவு செய்வது. ஜோதிடர் கண், நெற்றி எல்லாம் பார்த்து மீனம் என்றார். நான் ஒரு விஷமம் செய்தேன். அதே ஐந்து சம்பவத்தை எடுத்து, 8.22க்குக் கும்ப லக்ன ஜாதகம் போட்டு, வேறு ஊரில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் அனுப்பினேன். அவரும் ஜோதிடம் நன்றாகப் படித்தவர். நேரம் சரியாக இருக்கிறதா, சம்பவம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டேன். மறுநாள் ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது. ஐந்தும் ஒத்துப்போவதாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அதிபதி, காரகன், கோசாரம் என்று காரணம் எழுதியிருந்தார். அவர் ஏமாற்றவில்லை. ஒரு சம்பவத்துக்குத் தசாநாதன் சரிவராவிட்டால் புத்திநாதன், அவனும் வராவிட்டால் அந்தர நாதன், பிறகு கோசாரச் சனி, பிறகு நவாம்சம் என்று காரணம் சொல்ல அத்தனை வாசல் திறந்திருக்கிறது. எந்த வாசலும் மூடப்படாத வீட்டில் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள்.

கே.எஸ். கிருஷ்ணமூர்த்தியின் வழியில் வந்தவர்கள், கே.பி. முறைக்காரர்கள், இந்த இடத்தில் இன்னும் நுணுக்கமாகப் போவார்கள். நட்சத்திரத்தை விம்சோத்தரி தசை வருடங்களின் விகிதத்தில் ஒன்பது உப பிரிவாக உடைத்து, லக்னம் எந்த உப பிரிவில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். கேள்வி கேட்கும் நேரத்து ஆளும் கிரகங்களோடு அதை ஒப்பிட்டு நேரத்தைத் திருத்துவார்கள். சூரியனின் உப பிரிவு 40 கலைதான். லக்னம் அதை 2 நிமிடம் 40 வினாடியில் கடந்துவிடும். அளவுகோல் நுணுக்கமாக இருப்பது நல்லதுதான். ஆனால் முக்கால் மணி சந்தேகத்தை வைத்துக்கொண்டு அந்த அளவுகோலை எடுப்பது, எந்த ஊர் என்றே தெரியாமல் வீட்டு எண்ணைத் தேடுவது மாதிரி.

இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. சம்பவத்திலிருந்து நேரத்துக்குப் பின்னோக்கிப் போக வேண்டுமென்றால், ஜாதகத்திலிருந்து சம்பவத்துக்கு முன்னோக்கிப் போக முடிந்திருக்க வேண்டும். 2008இல் புனேயில் ஜெயந்த் நார்லிகர், நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோர் ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என்று இரண்டு வகையினரின் ஜாதகங்களைக் கலந்து கொடுத்து, எது எந்த வகை என்று சொல்லச் சொன்னார்கள். 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்துப் பதில் அனுப்பினார்கள். சரியாக இருந்தது சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் பாதி வந்திருக்கும். முன்னோக்கி இப்படி என்றால், பின்னோக்கி வினாடி வரை எப்படி வரும்? நான் இதை ஜோதிடரிடம் சொல்லவில்லை. மாமாவிடம் சொன்னேன். "உனக்கு எல்லாத்திலேயும் சந்தேகம்" என்றார்.

அப்படியானால் நேரத் திருத்தத்தால் எந்தப் பயனும் இல்லையா என்றால், ஒரு வகைத் திருத்தம் உண்டு, அதில் எனக்கு முழு நம்பிக்கை. அது கடிகாரத்தைத் திருத்துவது.

எனக்குத் தெரிந்த ஈழத்துக் குடும்பம் ஒன்றுக்குப் பார்த்துக் கொடுத்தேன். பிள்ளை 1999இல் வன்னியில் பிறந்தவன். இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், அதே அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள்; அதற்குப் பின் 2006 ஏப்ரல் வரை நாடு இந்திய நேரத்துக்கு அரை மணி முன்னால் ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கே பழைய நேரமே ஓடியது. இன்று கணினியில் அந்தத் தேதியையும் இலங்கை ஊரையும் கொடுத்தால் மென்பொருள் `Asia/Colombo` என்று எடுத்துக்கொண்டு புதிய நேரப்படி கணக்குப் போடும். குறிப்பில் இருப்பது பழைய நேரமாக இருந்தால் லக்னம் ஏழு, ஏழரைப் பாகை தப்பிவிடும். அந்தக் காலத்தில் பிறந்தவர்கள்தான் இப்போது கல்யாண வயதில் இருக்கிறார்கள். நான் பிள்ளையின் தாயாரிடம் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, எழுதி வைத்தது பழைய நேரமா, புதிய நேரமா?" அவர் உடனே சொன்னார், "எங்கட பக்கம் பழைய நேரம்தானே, தம்பி." முடிந்தது. இரண்டே இரண்டு விடை இருந்த கேள்வி, ஒரு சாட்சி சொன்னதும் தீர்ந்தது. எந்தச் சம்பவத்தையும் தசையையும் தொடவில்லை.

அக்கா மகள் விஷயத்திலும் அந்த வழியில்தான் போனேன். பிறப்புச் சான்றிதழில் நேரம் இருக்காது, தேதிதான் இருக்கும். நேரம் இருப்பது மருத்துவமனையின் பிரசவப் பதிவேட்டிலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும். அந்த நர்சிங் ஹோம் மூடிப் பல வருடம் ஆகிறது. அக்கா பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறி, தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கண்டுபிடித்தாள். நீல மையில் 8.40 பி.எம். என்று இருந்தது. எடை 2.9 கிலோ.

ஜோதிடரின் 8.37க்கும் இதற்கும் மூன்று நிமிடம்தான் வித்தியாசம் என்று மாமா குதித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. 8.15க்கும் 9.00க்கும் நடுப்புள்ளியை யார் சொன்னாலும் 8.37தான் வரும்.

8.40ஐயும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. செவிலியர் எந்தக் கணத்தைக் குறித்தார்? தலை வெளிவந்ததையா, முதல் அழுகையையா, கொடி அறுத்ததையா? பெரும்பாலும் கையைக் கழுவிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். அந்தக் கடிகாரம் சரியாக ஓடியதா? ஐந்து நிமிடம் முன்பின் என்று வைத்துக்கொண்டால் 8.35 முதல் 8.45. இந்தப் பத்து நிமிடம் முழுவதும் 8.32க்கும் 8.51க்கும் நடுவில் விழுகிறது. மீன லக்னம், பரணி. செவ்வாய் தோஷம் உண்டு, ரஜ்ஜு தட்டவில்லை. நிமிடத்தைக் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை, எந்த எல்லைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். நவாம்ச லக்னம் மட்டும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒருமுறை மாறுகிறது, அதை எடுத்துப் பேச வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

எல்லையும் கல்லில் செதுக்கினது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 8.51 என்பது திருக்கணிதத்தின், அதுவும் லாகிரி அயனாம்சத்தின் கணக்கு. ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்று வைக்கும் அளவுதான் அயனாம்சம். கே.பி. அயனாம்சம் லாகிரியைவிடச் சுமார் 6 கலை குறைவு; அதை எடுத்தால் சந்திரன் அந்த 6 கலையை முன்னதாகவே எட்டிவிடும், கிருத்திகை ஏறக்குறைய 8.40க்கே பிறந்துவிடும். சரியாகச் சீட்டில் இருக்கும் நேரம்! வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடு என்றால் நட்சத்திரம் முடியும் நேரம் சில நாட்களில் ஒரு மணிக்கு மேலும் வித்தியாசப்படும். பையன் வீட்டார் திருக்கணிதம், லாகிரி என்பதை உறுதி செய்துகொண்டுதான் பரணி என்று எழுதினேன். வேறு பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுக்குப் போனால் இதே பெண் இதே சீட்டோடு கிருத்திகை ஆகிவிடுவாள்.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, சீட்டின் படத்தையும் சேர்த்துப் பையன் வீட்டுக்கு அனுப்பினோம். அவர்கள் நல்ல மனிதர்கள், செவ்வாய் தோஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பையனுக்கும் அது உண்டாம். பொருத்தம் பேசி முடிந்தது, தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒரு ராத்திரி, சும்மா ஃபைலை ஒழுங்குபடுத்தும்போது, பையனின் ஜாதகத்தை நிதானமாகப் பார்த்தேன். பிறந்த நேரம்: பகல் 12.00. அத்தனை நாளும் பெண்ணின் நேரத்தைத் தோண்டிக்கொண்டிருந்த ஒருவருக்கும், எனக்கும் சேர்த்துத்தான், அது கண்ணில் படவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உத்திரம் 1ஆம் பாதம் அன்று பகல் 12.20க்கு முடிகிறது. 12.20க்கு மேல் 2ஆம் பாதம், கன்னி ராசி. மேஷத்துக்குக் கன்னி ஆறாமிடம், சஷ்டாஷ்டகம் என்ற பொருந்தாத அமைப்பு. சிம்மத்தால் வந்த வசியம் போய்விடும். அதிபதி சூரியனுக்குப் பதில் புதன், செவ்வாய்க்கு ஆகாதவன். அசையவே அசையாது என்று நான் அக்காவிடம் சொன்ன அந்த மூன்றும்.

மறுநாள் காலை அக்கா மகளிடம் பட்டும் படாமல் கேட்டேன், பையனிடம் அவன் பிறந்த நேரத்தை யார் பார்த்தார்கள் என்று விசாரிக்க முடியுமா என்று. சாயங்காலம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "மாமா, அவர் அத்தைகிட்ட கேட்டாராம். மணி யாரும் பார்க்கலையாம். பக்கத்து மில்லுல சாப்பாட்டுச் சங்கு ஊதி முடிச்சு, ஆட்கள் எல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்தாங்களாம். அதனால பன்னிரண்டுன்னு எழுதினாங்களாம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்மா" என்று போட்டுவிட்டு, ஃபைலை மூடி வைத்தேன்.